திருமணப் பணமும் வருமான வரி நோட்டீஸும்: ஒரு பதில் உருவான விதம்

வங்கியில் ரொக்கம் கட்டியதற்காக வந்த நோட்டீஸ் ஒன்றின் பதிவு இது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். இதில் வரும் பிரிவு எண்கள் எல்லாம் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தைச் சேர்ந்தவை. புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து எண்கள் மாறிவிட்டாலும், இந்த வழக்கின் ஆண்டுக்குப் பழைய சட்டம்தான்.

## பின்னணி

மதுரைப் பக்கத்தைச் சேர்ந்த அவர், மத்திய அரசு அலுவலகம் ஒன்றிலிருந்து 2021-இல் ஓய்வு பெற்றவர். ஓய்வூதியமும் வைப்பு நிதி வட்டியும் தவிர வேறு வருமானம் கிடையாது. 2022-23 நிதியாண்டுக்கு 4,51,000 ரூபாய் மொத்த வருமானம் காட்டி, 87-ஏ தள்ளுபடி போக வரி எதுவும் இல்லாமல் கணக்குத் தாக்கல் செய்திருந்தார்.

அந்த ஆண்டில்தான் மகளின் திருமணம். அவருடைய சேமிப்புக் கணக்கில் மூன்று தடவையாக ரொக்கம் கட்டப்பட்டிருந்தது: ஜூன் 13 அன்று 6,00,000, செப்டம்பர் 12 அன்று 4,50,000, செப்டம்பர் 14 அன்று 2,40,000. மொத்தம் 12,90,000 ரூபாய். சேமிப்புக் கணக்கில் ஓர் ஆண்டில் 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் சேர்ந்தால் வங்கி அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தத் தகவல் ஏஐஎஸ் எனப்படும் அவருடைய ஆண்டுத் தகவல் அறிக்கையிலும் இருந்தது. நாலரை லட்சம் வருமானம் காட்டியவர் கணக்கில் கிட்டத்தட்ட 13 லட்சம் ரொக்கம் என்றால், கணினி அவரை எடுத்து வைத்ததில் வியப்பில்லை.

2024 ஜூனில், கணக்கை ஆய்வுக்கு எடுத்திருப்பதாக 143(2) பிரிவின் கீழ் நோட்டீஸ் வந்தது. அக்டோபரில் 142(1)-இன் கீழ் கேள்விப் பட்டியல். இரண்டும் முகம் காணா மதிப்பீட்டு முறையில், அதாவது 144-பி பிரிவின்படி வந்தவை. மதிப்பீட்டு அதிகாரி யார், எந்த ஊரில் இருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. அவருக்கும் நம் முகம் தெரியாது. நாம் பதிவேற்றும் காகிதம்தான் அவர் கண்ணில் படும் ஆள்.

## முதல் பதிலும் அது செய்த சேதமும்

இந்தக் கட்டத்தில் நான் இல்லை. தெரிந்தவர் ஒருவர் சொல்லச் சொல்ல, அவரே ஒரு பக்கக் கடிதம் எழுதிப் பதிவேற்றிவிட்டார். அதன் சாரம் இதுதான்: 'கட்டிய பணம் என் சேமிப்பும் மகள் திருமணத்தில் வந்த மொய்யும். 2,40,000 ரூபாய் மட்டும் மைத்துனரிடம் வாங்கிய கடன். நான் நேர்மையாக வாழ்ந்தவன். நடவடிக்கையைக் கைவிடக் கேட்டுக்கொள்கிறேன்.' இணைப்பு ஒன்றே ஒன்று, திருமணப் பத்திரிகை.

2025 பிப்ரவரி 14 அன்று விளக்கம் கேட்கும் நோட்டீஸ் வந்தது. 12,90,000 ரூபாயையும் 68-ஆம் பிரிவின்படி விளக்கப்படாத வரவாக எடுத்து, 115-பிபிஇ பிரிவில் வரி போடப் போவதாகவும், ஆட்சேபம் இருந்தால் ஏழு நாளில் சொல்லவும் என்றது. 115-பிபிஇ என்றால் 60 விழுக்காடு வரி, அதன்மேல் 25 விழுக்காடு கூடுதல் வரி, பிறகு 4 விழுக்காடு செஸ். சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு 78. இவருக்கு 10,06,200 ரூபாய். அபராதம் தனி.

அந்தத் தாளோடுதான் என்னிடம் வந்தார். நான் முதலில் பார்த்தது அந்த 'கடன்' என்ற சொல்லை. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவதை 269-எஸ்எஸ் பிரிவு தடுக்கிறது. மீறினால் 271-டி பிரிவில் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் வரலாம். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லப் போய், யாரும் கேட்காத இன்னொரு குற்றத்தைத் தானே எழுதிக் கொடுத்திருந்தார்.

"உண்மையிலேயே கடன்தானா சார்?" என்று கேட்டேன்.

"இல்லை சார். மச்சான் செஞ்ச சீரு. ஒன்றரை லட்சம். மீதி வீட்டுக்காரி சீட்டுப் போட்டுச் சேர்த்தது. கடன்னு எழுதினா யாரும் கேக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க."

## நோட்டீஸை வாசித்தது

பதில் எழுதும் முன் மூன்று விஷயங்களைப் பார்த்தோம். நோட்டீஸில் உள்ள ஆவண அடையாள எண்ணைத் துறையின் இணையதளத்தில் சரிபார்த்தோம், உண்மையான நோட்டீஸ்தான். அடுத்து, 143(2) நோட்டீஸ் காலத்துக்குள் வந்ததா என்று பார்த்தோம். கணக்கு 2023 ஜூலையில் தாக்கலானது. அந்த நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள், அதாவது 2024 ஜூன் 30-க்குள் நோட்டீஸ் வந்திருக்க வேண்டும். வந்திருந்தது. ஆக, காலக்கெடு என்ற வாதம் கிடையாது. இல்லாத வாதத்தை எழுதாமல் விடுவதும் பதிலுக்கு நல்லது.

மூன்றாவது, அதிகாரி உண்மையில் எதை நம்பவில்லை என்பது. நோட்டீஸ் நான்கு பக்கம். அதில் மூன்றேகால் பக்கம் சட்டப்பிரிவும் தீர்ப்புகளும். அவருடைய சொந்த வாக்கியம் இரண்டே இரண்டு: சேமிப்பு என்று சொன்னதற்கு ஆதாரம் இல்லை, மொய் கொடுத்தவர்கள் யார், கடன் கொடுத்தவரின் வசதி என்ன என்று காட்டவில்லை. பதில் இந்த இரண்டு வாக்கியத்துக்குத்தான்.

ஏழு நாள் போதாது. இணையதளத்தில் e-Proceedings பகுதியில் உள்ள Seek Adjournment வழியாக, வங்கியிலிருந்து சான்றிட்ட கணக்கு விவரம் பெற வேண்டியிருப்பதைக் காரணமாகச் சொல்லி அவகாசம் கேட்டோம். பிப்ரவரி 28 வரை கிடைத்தது. மதிப்பீட்டை 2025 மார்ச் 31-க்குள் முடித்தாக வேண்டும் என்பதால் அதற்கு மேல் கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது.

## பணத்தின் நடையைத் தேடியது

முதலில் ஒரு வெள்ளைத்தாளில் தேதிவாரியாக ரொக்கத்தின் நடையை எழுதினோம். சட்டப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

திருமணம் முதலில் 2022 மே 22-க்கு நிச்சயமாகியிருந்தது. மார்ச் மாதத்தில் வைப்பு நிதி ஒன்றை முடித்துக் கணக்கில் போட்டு, அதிலிருந்து ஏப்ரல் 18, ஏப்ரல் 25, மே 4 ஆகிய நாட்களில் மொத்தம் 8 லட்சம் எடுத்திருக்கிறார். மண்டபம், சமையல்காரர், துணி, பத்திரிகை என்று 1,60,000 செலவானது. மே 9 அன்று மாப்பிள்ளையின் தாத்தா இறந்துபோனார். ஆனியில் வைக்கலாமா என்று ஒரு மாதம் பேச்சு ஓடியிருக்கிறது. பிறகு ஆடி கழித்து ஆவணியில்தான் என்று முடிவானது. வீட்டில் பணத்தை வைத்திருக்கப் பயந்து ஜூன் 13 அன்று 6 லட்சத்தைத் திரும்பக் கட்டினார். ஆகஸ்ட் 22 அன்று 5,50,000 மறுபடி எடுத்தார். செப்டம்பர் 8 அன்று திருமணம் நடந்தது.

இதை அப்படியே ஒரு அட்டவணையாக்கினோம்.

| நாள் (2022) | விவரம் | வரவு | செலவு | கையில் |
|---|---|---|---|---|
| ஏப்ரல் 18 – மே 4 | வங்கியில் எடுத்தது | 8,00,000 | | 8,00,000 |
| மே 8 வரை | முன்பணம், துணி, பத்திரிகை | | 1,60,000 | 6,40,000 |
| ஜூன் 13 | வங்கியில் கட்டியது | | 6,00,000 | 40,000 |
| ஆகஸ்ட் 22 | வங்கியில் எடுத்தது | 5,50,000 | | 5,90,000 |
| செப்டம்பர் 8 வரை | திருமணச் செலவு | | 5,70,000 | 20,000 |
| செப்டம்பர் 8 | மொய் | 4,71,500 | | 4,91,500 |
| செப்டம்பர் 8 | தாய்மாமன் சீர் | 1,50,000 | | 6,41,500 |
| செப்டம்பர் 9–11 | சமையல் பாக்கி | | 36,500 | 6,05,000 |
| செப்டம்பர் 12 | வங்கியில் கட்டியது | | 4,50,000 | 1,55,000 |
| செப்டம்பர் 14 | மனைவி கொடுத்தது | 90,000 | | 2,45,000 |
| செப்டம்பர் 14 | வங்கியில் கட்டியது | | 2,40,000 | 5,000 |

இந்த மாதிரி அட்டவணையில் கடைசிப் பத்தியைத்தான் பார்க்க வேண்டும். எந்த வரியிலாவது அது பூஜ்யத்துக்குக் கீழே போனால், அந்த நாளில் நாம் சொல்லாத வேறு பணம் வந்திருக்கிறது என்று அர்த்தம். அதிகாரியும் அதைத்தான் தேடுவார். இங்கே மனைவியின் 90,000-ஐ எடுத்துவிட்டால் செப்டம்பர் 14 அன்று 85,000 குறைகிறது. அந்தப் பணத்துக்குக் காகிதம் எதுவும் இல்லை. பதிவு செய்யாத, தெருவில் நடந்த சீட்டு.

"கல்யாணச் செலவைக் கொஞ்சம் குறைச்சு எழுதிட்டா இந்த தொண்ணூறும் அடங்கிருமே சார்" என்றார். அடங்கும்தான். ஆனால் மண்டப ரசீதும் சமையல்காரரின் பில்லும் இணைப்பில் போகப் போகின்றன. செலவைக் குறைத்தால் அவை அட்டவணையோடு ஒட்டாது. அதைவிட முக்கியமாக, அது பொய். காகிதம் இல்லாத தொகையைக் காகிதம் இல்லை என்றே சொல்வது என்று முடிவு செய்தோம். அவருக்கு அதில் அவ்வளவு திருப்தி இல்லை.

## மொய் நோட்டு

இந்த வழக்கின் உயிர் அந்த நோட்டில்தான் இருந்தது. நீளவாக்கில் மடித்த பேரேடு, 22 பக்கம், 318 பேர். முதல் வரியில் 'தாய்மாமன் சீர் 1,50,000' என்று மைத்துனரின் பெயரோடு இருந்தது. நோட்டீஸ் வருவதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு முன்பே, இந்த வழக்கில் எந்த அக்கறையும் இல்லாத ஒருவர் பந்தலில் உட்கார்ந்து எழுதியது. பிற்பாடு வாங்கும் பத்து உறுதிமொழிக் கடிதத்தைவிட இதற்கு எடை அதிகம்.

எல்லாப் பெயர்களையும் வரிசை எண், ஊர், தொகை என்று தட்டச்சு செய்து கூட்டினோம். நோட்டில் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தது 6,22,000. எங்கள் கூட்டல் 6,21,500. மறுபடி கூட்டினோம், அதேதான். ஒன்பதாம் பக்கத்துக் கூட்டலில் மொய் எழுதியவர் 500 ரூபாய் பிசகியிருக்கிறார். அதைத் திருத்தவில்லை. நோட்டின் நகலை உள்ளபடியே வைத்து, பிழை எங்கே இருக்கிறது என்று அடிக்குறிப்பில் சொன்னோம். அவசரத்தில் கையால் எழுதிய நோட்டில் ஒரு கூட்டல் பிழை இருப்பது இயல்பு. பிழையே இல்லாத நோட்டைக் கொண்டுபோயிருந்தால் எனக்கே சந்தேகம் வந்திருக்கும்.

சீருக்குத் துணையாக மைத்துனரின் வங்கிக் கணக்கைக் கேட்டோம். 2022 செப்டம்பர் 5 அன்று 1,50,000 எடுத்திருந்தார். நிம்மதியாக இருந்தது. இது 2 லட்சமாக இருந்திருந்தால் வேறு சிக்கல்: ஒரே நபரிடமிருந்து ஒரே நாளிலோ, ஒரே நிகழ்ச்சி தொடர்பாகவோ 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை 269-எஸ்டி தடுக்கிறது. சீர் என்பதற்காக அதில் விலக்கு இல்லை. 2,40,000-ஐயும் சீர் என்று ஒட்டுமொத்தமாக எழுதியிருந்தால் 'கடன்' பள்ளத்திலிருந்து ஏறி இந்தப் பள்ளத்தில் விழுந்திருப்போம்.

## பதிலை அடுக்கிய வரிசை

பதில் ஆங்கிலத்தில், ஒன்பது பக்கம். வரிசையைத் தீர்மானிக்கத்தான் அதிக நேரம் ஆனது.

முதல் பக்கத்தில் நோட்டீஸின் எண், தேதி, மதிப்பீட்டு ஆண்டு 2023-24, அதன் கீழே ஒரே பத்தியில் மொத்தக் கதை. ஒன்பது பக்கத்தையும் படிக்க நேரமில்லாதவர் அந்தப் பத்தியோடு நிறுத்தினாலும் 12,90,000 எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும்: 6,00,000 முன்பு எடுத்த சொந்தப் பணம், 4,50,000 மொய், 1,50,000 சீர், 90,000 மனைவியின் சேமிப்பு.

இரண்டாவதாகவே முதல் கடிதத்தைப் பற்றிப் பேசினோம். கடைசியில் ஒளித்து வைக்கலாம் என்ற எண்ணம் எனக்கும் வந்தது. ஆனால் அதிகாரி கோப்பில் அந்தக் கடிதத்தைத்தான் முதலில் பார்ப்பார். அதில் கடன் என்று இருக்க, இதில் சீர் என்றால், முரண்பாட்டை அவர் கண்டுபிடிப்பதற்கும் நாமே சொல்வதற்கும் நிறைய வித்தியாசம். 'முந்தைய கடிதத்தில் 2,40,000 ரூபாயைக் கடன் என்று குறிப்பிட்டது தவறு. வரிச் சட்டம் தெரியாத நிலையில், தகுதியானவரின் உதவியின்றி எழுதப்பட்டது. அது எந்தக் காலத்திலும் திருப்பித் தர வேண்டிய தொகையாக இருந்ததில்லை. நோட்டீஸுக்கு முந்தைய ஆவணங்களான இணைப்பு 6-உம் 7-உம் இதைக் காட்டும்' என்று நான்கு வாக்கியம். அதற்கு மேல் மன்னிப்புக் கேட்கவில்லை.

அதன் பிறகு உண்மைகள். ஒவ்வொரு தொகைக்கும் ஒரு தலைப்பு. தலைப்பின் கீழ் என்ன நடந்தது, எந்த நாளில், அந்த வாக்கியத்துக்கு எந்த இணைப்பில் எந்தப் பக்கம் என்று வரியிலேயே குறித்தோம். மே 9 மரணத்துக்கு இறப்புச் சான்றிதழ், தள்ளிப்போனதற்கு இரண்டு தேதிகளிலும் அச்சான இரண்டு பத்திரிகைகள், மண்டபக்காரர் முன்பணத்தைப் புதிய தேதிக்கு மாற்றி எழுதிய ரசீது. பெயரடைகளை எல்லாம் அடித்தோம். 'நேர்மையாக வாழ்ந்தவன்' போயிற்று. இருந்தால் அதற்கும் ஓர் இணைப்பு எண் கொடுக்க வேண்டும்.

சட்டம் அதற்கு அப்புறம்தான். இதிலும் ஒரு பிரிப்பு தேவைப்பட்டது. பணம் எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. வந்த பணத்துக்கு வரி உண்டா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால், இரண்டாவதில் தோற்றாலும் 78 விழுக்காடு வராது. சாதாரண விகிதம்தான். பலர் இந்த இரண்டையும் குழப்பி ஒரே பத்தியில் எழுதுவதால் இரண்டுமே பலவீனமாகிவிடுகின்றன.

6 லட்சத்துக்கு வாதம் எளிது. எடுத்த பணம் வேறெங்கும் செலவானதாகத் துறையிடம் தகவல் இல்லாதபோது, சில வாரம் கையில் இருந்தது என்பதற்காக மட்டும் அதை மறுக்க முடியாது என்று வருமான வரித் தீர்ப்பாயங்கள் பல வழக்குகளில் சொல்லியிருக்கின்றன. சீருக்கும் அப்படியே: மனைவியின் சகோதரர் 56(2)(எக்ஸ்) பிரிவில் வரும் 'உறவினர்' வரையறைக்குள் இருக்கிறார், உறவினர் தரும் அன்பளிப்புக்கு வரி இல்லை.

மொய்தான் சங்கடம். திருமணத்தில் வரும் அன்பளிப்புக்கு வரி இல்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். சட்டம் சொல்வது, திருமணம் யாருக்கு நடக்கிறதோ அவருக்கு வரும் அன்பளிப்பு. மகளின் திருமணத்தில் அப்பாவுக்கு வந்தது என்று எடுத்தால் அந்த விலக்கு ஒட்டாது. எனவே முதல் வாதம்: இது மகளுக்கு அவள் திருமணத்தை ஒட்டி வந்த அன்பளிப்பு, தகப்பனார் பாதுகாப்புக்காகத் தன் கணக்கில் கட்டினார். இதற்கு மகளின் பிரமாணப் பத்திரத்தோடு, 2022 செப்டம்பர் 26 அன்று அவர் மகளுக்கு வங்கி வழியே அனுப்பிய 3,00,000-ஐயும் காட்டினோம். மீதி 1,50,000 அவர் கணக்கிலேயே இருந்தது. அது இந்த வாதத்தின் ஓட்டை. எனக்கும் தெரியும், அதிகாரிக்கும் தெரிந்திருக்கும்.

அதற்காகத்தான் மாற்று வாதம். ஒருவேளை மொய்யைத் தகப்பனாருடையது என்றே எடுத்தாலும், கொடுத்தவர்கள் யார் என்று 318 பெயர் இருக்கிறது. ஆகவே அது விளக்கப்படாத பணம் ஆகாது. அதில் சட்டப்படி உறவினர்கள் கொடுத்தது 1,18,000. இந்தக் கணக்கெடுப்பு வேடிக்கையாக இருந்தது. சித்தப்பா மகன் நமக்கு உடன்பிறப்புக்குச் சமம், சட்டத்துக்கு உறவினரே இல்லை, சித்தப்பா உண்டு. மற்றவர்கள் கொடுத்த 3,53,500-க்கு வேண்டுமானால் 56(2)(எக்ஸ்) பிரிவில் வழக்கமான விகிதத்தில் வரி போடலாம். அவருடைய மற்ற வருமானத்தோடு கூட்டினால் அந்த ஆண்டின் மொத்த வரி ஏறக்குறைய 74,000 வரும். அதே தொகைக்கு 78 விழுக்காடு என்றால் 2,75,730. தோற்றாலும் எவ்வளவில் தோற்பது என்பதை மாற்று வாதம் தீர்மானிக்கிறது.

மொய் என்பது முன்பு நாம் செய்ததைத் திரும்பப் பெறுவதுதானே, வருமானமே இல்லையே என்று அவருடைய சம்பந்தி ஒரு யோசனை சொன்னார். ஊர் வழக்கில் அது உண்மைதான். எழுதவில்லை. திரும்ப வருவது என்றால் அது கடன் மாதிரி ஆகி, அன்பளிப்பு என்ற நம்முடைய வாதத்தை நாமே வெட்டியதாகிவிடும்.

90,000-க்கு மூன்று வாக்கியம்தான். மனைவி பல ஆண்டுச் சேமிப்பிலிருந்தும் சீட்டிலிருந்தும் கொடுத்தார். ஆவணம் இல்லை, அவருடைய பிரமாணப் பத்திரம் மட்டும் உண்டு. விளக்கம் திருப்தி தராவிட்டாலும் வருமானமாகக் 'கருதலாம்' என்றுதான் சட்டம் சொல்கிறது, கருதியே தீர வேண்டும் என்று இல்லை. இதற்கு உச்ச நீதிமன்றத்தின் நூர்ஜஹான் வழக்கை (237 ஐ.டி.ஆர். 570) குறிப்பிட்டோம். 2016 பணமதிப்பிழப்பின்போது தனிநபர்கள் 2.5 லட்சம் வரை கட்டியதை மேற்கொண்டு சரிபார்க்க வேண்டியதில்லை என்று வந்த அறிவுறுத்தலையும் சேர்க்கலாமே என்று முதல் கடிதத்துக்கு உதவியவர் சொல்லியனுப்பினார். அது அந்தக் காலத்தில் கட்டிய தொகைகளுக்கு மட்டுமானது. பொருந்தாத ஒன்றைக் காட்டினால் பொருந்துகிற மற்றவையும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

நோட்டீஸ் சொன்ன 68-ஆம் பிரிவைப் பற்றிய ஆட்சேபத்தைக் கடைசிப் பத்தியில் வைத்தோம். 68 என்பது வரி செலுத்துபவர் வைத்திருக்கும் கணக்குப் புத்தகத்தில் உள்ள வரவுக்கு. வங்கிப் பாஸ்புக் அவருடைய கணக்குப் புத்தகம் இல்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 141 ஐ.டி.ஆர். 67-இல் வெளியான தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. சரியான வாதம்தான். ஆனால் இதை முதல் பக்கத்தில் வைத்தால் அதிகாரி விளக்கப்படாத பணத்துக்கான 69-ஏ என்று பிரிவை மாற்றிக்கொண்டு போய்விடுவார். நம்மிடம் சொல்வதற்கு உண்மை எதுவும் இல்லாததால் பிரிவு எண்ணில் தொங்குகிறோம் என்ற எண்ணமும் வரும். மேல்முறையீட்டுக்கு உதவட்டும் என்று பதிவு செய்து வைத்தோம், அவ்வளவுதான்.

கோரிக்கையில் இரண்டு: இந்தத் தொகையை வருமானத்தில் சேர்ப்பதைக் கைவிடவும்; பாதகமான முடிவு எடுப்பதானால் அதற்கு முன் காணொளி வழி நேரில் கேட்கவும்.

## பதிவேற்றம்

ஒரு கோப்பு 5 எம்பிக்கு மேல் போகக் கூடாது. மொய் நோட்டை வண்ணத்தில் ஸ்கேன் செய்தால் 40 எம்பி வந்தது. கறுப்பு வெள்ளையில் எடுத்தால் பென்சிலில் எழுதிய தொகைகள் மறைந்தன. சாம்பல் நிறத்தில் எடுத்து மூன்று கோப்பாகப் பிரித்தோம். கோப்புப் பெயரிலேயே இணைப்பு எண் இருக்கும்படி வைத்தோம். பத்து கோப்புக்கு மேல் ஆனதால் Partial Response என்று தேர்ந்து முதல் தொகுதியை அனுப்பி, இரண்டாவதை அனுப்பிய பிறகு ஒப்புகைச் சீட்டு இரண்டையும் இறக்கி வைத்தோம். பிப்ரவரி 27 மாலை வேலை முடிந்தது. கடைசி நாள் இரவுக்கு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று, அன்று இணையதளம் இரண்டு தடவை நின்றதைப் பார்த்தபோது தெரிந்தது.

## பிறகு நடந்தது

மார்ச் 6 அன்று காணொளியில் கேட்டார்கள். பதினைந்து நிமிடம். மொய் நோட்டின் அசலைக் கேமராவில் காட்டச் சொன்னார் அதிகாரி. பக்கங்களைப் புரட்டிக் காட்டினோம். முதல் கடிதத்தில் ஏன் கடன் என்று எழுதினீர்கள் என்று கேட்டார். நம்மவர் தமிழில் சொன்னதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். பதிலில் இருந்த அதே நான்கு வாக்கியம்.

மார்ச் 20 அன்று 143(3) பிரிவின்படி உத்தரவு வந்தது. 6,00,000, 4,50,000, 1,50,000 மூன்றும் ஏற்கப்பட்டன. மொய்யில் எந்த வாதத்தை ஏற்றார் என்று உத்தரவில் இல்லை. 'மூலம் விளக்கப்பட்டது' என்று ஒரே வரி, தனியாக வரியும் போடவில்லை. 90,000 மட்டும் 69-ஏ பிரிவில் சேர்க்கப்பட்டது. அதற்கு 78 விழுக்காடு, 70,200 ரூபாய்.

நாங்கள் எதிர்பாராத ஒரு வால் அதில் இருந்தது. 90,000 சேர்ந்ததும் மொத்த வருமானம் 5,41,000 ஆகி, 5 லட்சத்தைத் தாண்டியது. 87-ஏ தள்ளுபடி போய், ஏற்கெனவே காட்டிய வருமானத்துக்கும் 7,852 ரூபாய் வரி வந்துவிட்டது. மொத்தம் 78,052. 271-ஏஏசி பிரிவில் அபராத நோட்டீஸும் கூடவே வந்தது. அது 60 விழுக்காட்டு வரியில் பத்தில் ஒரு பங்கு, 5,400.

மேல்முறையீடு செய்ய முப்பது நாள் இருந்தது. நூர்ஜஹான் வழக்கை வைத்து 90,000-க்காகப் போராட ஓர் இடம் உண்டு என்றுதான் நான் சொன்னேன். அவர் வேண்டாம் என்றார். "பத்து லட்சம்னு வந்தது இதுல முடிஞ்சுதே" என்று சலான் கட்டிவிட்டார்.

## இப்போது செய்வதானால்

அக்டோபர் கேள்விப் பட்டியலுக்கே இந்தப் பதிலை எழுதியிருக்க வேண்டும். விளக்கம் கேட்கும் நோட்டீஸே வராமல் போயிருக்கலாம். கடன் என்ற சொல்லும் கோப்பில் ஏறியிருக்காது. என்னிடம் வருகிறவர்களிடம் இப்போது முதலில் கேட்பது, இதற்கு முன் என்ன எழுதிப் பதிவேற்றினீர்கள் என்பதுதான்.

87-ஏ தள்ளுபடி விஷயத்தை நான் முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்லியிருக்க வேண்டும். தொகை சிறியதுதான், ஆனால் 90,000-ஐ எதிர்த்துப் போராடுவதா விடுவதா என்று அவர் முடிவெடுக்கும்போது அந்த எண்ணும் அவர் முன்னால் இருந்திருக்க வேண்டும். மனைவியின் பிரமாணப் பத்திரத்தையும் பொத்தாம்பொதுவாக விட்டுவிட்டோம். சீட்டு நடத்தியவரையும் உடன் போட்ட இரண்டு மூன்று பேரையும் தேடி, எத்தனை மாதம், மாதம் எவ்வளவு, எப்போது எடுத்தார் என்று எழுதி வாங்கியிருக்கலாம். மொய்யிலும் சீரிலும் காட்டிய உழைப்பில் பாதியைக்கூட அதற்குக் காட்டவில்லை.

மொய் நோட்டை உத்தரவு வந்த மறுநாளே பரணில் போடப் போனார். 263-ஆம் பிரிவில் மேலதிகாரி இந்த உத்தரவைத் திருப்பி ஆராய 2027 மார்ச் 31 வரை காலம் இருக்கிறது. அதுவரை பீரோவிலேயே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.